திட்டமிட்ட தற்செயல்: பயண உணவுத் தொடர்களில் இயல்புத்தன்மை உருவாக்கப்படும் முறை

ஆய்வுச் சுருக்கம்

நிகழ்ச்சி வழங்குநர் ஒருவரை முன்னிறுத்தும் பயண, உணவுத் தொலைக்காட்சித் தொடர்கள் எதிர்பாராமல் நிகழ்பவற்றையே காட்டுவதாகப் பார்வையாளர் உணர்கின்றனர். இவ்வுணர்வு திட்டமின்மையால் விளைவதன்று. படப்பிடிப்பு, பின்னணிக் குரல், படத்தொகுப்பு ஆகிய மூன்று நிலைகளிலும் திட்டமிடலை மறைப்பதால் விளைவது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கீத் ஃபிளாய்டின் பிபிசி தொடர்களும், ஆண்டனி போர்டெய்னின் ‘பார்ட்ஸ் அன்னோன்’ தொடரின் சிசிலிப் பகுதியும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பயணத் தொடர், வழங்குநர், பின்னணிக் குரல், படத்தொகுப்பு, நம்பகத்தன்மை

முன்னுரை

வழங்குநர் ஒருவர் கதவைத் திறந்து சிற்றுணவகம் ஒன்றினுள் நுழைகிறார். சமையற்காரர் வியப்புடன் வரவேற்கிறார். ஆனால் அந்நுழைவைப் படம்பிடிக்கும் கேமரா அறைக்குள் முன்னரே நிற்கிறது. இருவர் சட்டையிலும் ஒலிவாங்கி பொருத்தப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் கவனித்தாலே, காட்டப்படும் சந்திப்பு முதற்சந்திப்பாக இருப்பினும் ஏற்பாடற்ற சந்திப்பாக இருக்க இயலாது என்பது தெளிவாகும். எனினும் பார்வையாளர் அதனை உணர்வதில்லை. ஏன் உணர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

பிழையைத் தக்கவைத்தல்

இவ்வகைமையின் இன்றைய நடைக்கு முன்னோடிகளுள் ஒன்று, 1985ஆம் ஆண்டு பிபிசியில் ஒளிபரப்பான ‘ஃபிளாய்ட் ஆன் ஃபிஷ்’. அதன் தயாரிப்பாளர் டேவிட் பிரிட்சர்ட். அக்காலச் சமையல் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அரங்கில், அளந்து வைத்த பொருள்களுடன், கேமரா என ஒன்று இல்லாதது போன்ற பாவனையில் எடுக்கப்பட்டன. ஃபிளாய்டோ படகிலும் வயல்வெளியிலும் சமைத்தார். கையில் மதுக்கிண்ணம் இருந்தது. ஒளிப்பதிவாளர் கிளைவ் நார்த்தைப் பெயர் சொல்லி அழைத்து, கேமராவைப் பாத்திரத்தின் பக்கம் திருப்புமாறும் மீண்டும் தம் முகத்திற்குக் கொண்டுவருமாறும் பணித்தார்.

கருவியை மறைப்பதே இயல்புத்தன்மைக்கு வழி என்று கருதப்பட்ட சூழலில், கருவியை வெளிப்படையாகச் சுட்டுவதும் அதே பணியைச் செய்யும் என்பதை இத்தொடர் காட்டியது. ஒளிப்பதிவாளரின் பெயரை அறிந்த பார்வையாளர் தாமும் படக்குழுவின் ஓர் உறுப்பினர் என்ற நெருக்கத்தைப் பெறுகிறார். ஆயினும் எந்த அடுப்பு எங்கு வைக்கப்பட்டது, மீன் எவ்வாறு வந்தது ஆகியவை மறைந்தே இருந்தன. சிறிதளவு வெளிப்படுத்துவது பெரிதளவு மறைப்பதற்குத் துணையாயிற்று.

‘ஃபிளாய்ட் ஆன் பிரான்ஸ்’ தொடரில் பாஸ்க் பகுதிப் பெண் ஒருவரின் சமையலறையில் ஃபிளாய்ட் அவ்வூர் உணவான பிப்பராடைச் சமைக்க, அப்பெண் அது சரியில்லை என்று முகத்திற்கு நேரே சொல்கிறார். இக்காட்சியை நீக்குவது எளிது, ஆனால் நீக்கப்படவில்லை. சமையற்பாடமாகத் தோற்றுவிட்ட அக்காட்சி, வழங்குநரின் நேர்மைக்குச் சான்றாக வெற்றி பெற்றது. பிழை நிகழ்வது தற்செயல். அது தக்கவைக்கப்படுவது முடிவு.

பகிர்ந்தளிக்கப்பட்ட அறியாமை

படப்பிடிப்பு நிலையில் இயல்புத்தன்மை ஒருவகை வேலைப்பிரிவினையால் உருவாகிறது. இடத்தைத் தேர்தல், அனுமதி பெறுதல், உரையாடுவோரை முடிவு செய்தல் ஆகியவற்றை ஆய்வாளரும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளரும் முன்கூட்டியே முடிக்கின்றனர். வழங்குநர் இறுதியில் வருகிறார். கேமரா ஓடத் தொடங்கும்வரை முக்கியமான செய்திகளைப் பேச வேண்டா என்று விருந்தளிப்பவரிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. இரண்டாம் முறை சொல்லப்படும் கதை முதல்முறையின் சூட்டை இழந்துவிடும் என்பதே காரணம். ஆகவே திரையில் தெரியும் வியப்பு பெரும்பாலும் பொய்யன்று. வழங்குநர் உண்மையாகவே அறியாதவர். ஆனால் அவ்வறியாமை பிறரது அறிவால் பாதுகாக்கப்பட்ட ஒன்று.

பின்னணிக் குரலின் காலம்

போர்டெய்னின் தொடர்களில் பின்னணிக் குரல் படப்பிடிப்பிற்குப் பின்னரே எழுதப்பட்டது. பயணம் முடிந்து, காட்சிகள் தொகுக்கப்பட்ட பின் எழுதப்படும் அவ்வுரை பெரும்பாலும் நிகழ்காலத்தில் அமைகிறது. முடிவை அறிந்தவர், அறியாதவர் போலப் பேசும் இலக்கண உத்தி இது. தன்மைக் கூற்றில் அமைந்த புதினங்களில் அனுபவிக்கும் ‘நான்’, எடுத்துரைக்கும் ‘நான்’ என இருவர் உளர் என்று எடுத்துரைப்பியல் பிரித்துக் காட்டும். பயணத் தொடரில் முன்னவர் படத்திலும் பின்னவர் ஒலியிலும் வாழ்கின்றனர். நிகழ்காலம் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது.

படத்தொகுப்பு இவ்வொருமைக்கு உதவுகிறது. பேசுபவரின் முகத்திலிருந்து தட்டின் அண்மைக் காட்சிக்குப் படம் மாறும்போது குரல் தொடர்கிறது. அவ்விடைவெளியில் இரு வேறு பொழுதுகளில் பேசிய வாக்கியங்கள் ஒன்றாக ஒட்டப்படலாம். கிண்ணத்தில் மதுவின் அளவு திடீரென ஏறியிறங்குவதும், அறையின் இரைச்சல் அறுபட்டு ஒலிப்பதிவுக்கூடத்தின் அமைதி கேட்பதும் இத்தையலின் தடங்கள்.

சிசிலிக் கடலில் இறந்த மீன்கள்

2013 அக்டோபரில் ஒளிபரப்பான சிசிலிப் பகுதியில், கட்டானியா அருகே போர்டெய்ன் உள்ளூர் மீனவர் ஒருவருடன் கடலில் இறங்குகிறார். கணவாய் முதலியவற்றைப் பிடித்துவந்து உண்பது திட்டம். அப்போது அருகிலிருந்த படகிலிருந்து ஒருவர் இறந்துபோன ஆக்டோபஸ் முதலானவற்றை நீரில் எறிகிறார். அவை மெல்ல அடியில் அமிழ, மீனவர் அவற்றைத் தாம் கண்டெடுத்தது போலச் சேகரிக்கிறார். இந்த நாடகத்தைப் பின்னணிக் குரல் ஏளனத்துடன் அம்பலப்படுத்துகிறது. தாம் மனச்சோர்வுற்று மிகுதியாகக் குடித்துவிட்டதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

இங்குப் படத்தொகுப்பின் ஆற்றலைத் துல்லியமாக அளக்க முடிகிறது. எறியும் காட்சியை வெட்டிவிட்டு, உற்சாகமான இசையைச் சேர்த்திருந்தால், அதே பதிவு வெற்றிகரமான மீன்பிடிக் காட்சியாகியிருக்கும். பொய்யும் பொய்யின் அம்பலமும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிறக்கின்றன. இவ்வாறு வெளிப்படுத்தியதால் தொடரின் நம்பகத்தன்மை குறையவில்லை, உயர்ந்தது. இந்த ஒன்றைச் சொல்பவர் பிறவற்றையும் மறைத்திருக்க மாட்டார் என்ற முடிவுக்குப் பார்வையாளர் வருகிறார். ஃபிளாய்டின் பிப்பராட் செய்த பணியையே இந்த ஆக்டோபஸும் செய்கிறது.

ஆனால் இரண்டிற்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. பாஸ்க் சமையலறையில் பிழை வழங்குநருடையது; தீர்ப்பு உள்ளூர்ப் பெண்ணுடையது. சிசிலியில் பிழை உள்ளூர் மீனவருடையது, தீர்ப்பு வழங்குநருடையது. கடல் எந்நேரமும் மீன் தருவதில்லை. ஆயினும் படக்குழுவின் குறுகிய கால அட்டவணைக்குள் கேமராவின் முன் ஏதேனும் பிடிபட்டாக வேண்டும். அந்த நெருக்கடிக்குள் நின்றவரின் செயலை வெறும் ஏமாற்றாகக் காண்பது அந்நெருக்கடியை உருவாக்கிய தயாரிப்பு முறையை விடுவித்துவிடுகிறது. பின்னணிக் குரல் எழுதும் உரிமை ஒருவருக்கே உள்ளது; மீனவருக்குத் தம் தரப்பைப் பின்னர் எழுதிச் சேர்க்கும் வாய்ப்பு இல்லை.

முடிவுரை

பயண உணவுத் தொடர்களில் இயல்புத்தன்மை என்பது நிகழ்வின் பண்பன்று. அறிவும் அறியாமையும் பகிர்ந்தளிக்கப்படும் முறையின் விளைவு. புனைவை ஒப்புக்கொள்வதும் அம்முறைக்குள் அடங்கும் உத்தியே. ஆதலின் இத்தொடர்களை ஆராய்வோர் ‘இது உண்மையா, நடிப்பா?’ என்ற வினாவோடு நின்றுவிடலாகாது. நடிப்பு வெளிப்படும்போது அதன் பழி யார்மீது விழுகிறது, கடைசிச் சொல் யாருடையது என்று கேட்டல் வேண்டும். சிசிலிப் பகுதியில் வழங்குநர் நேர்மையாளராக மீள்கிறார்; மீனவர் ஏமாற்றுக்காரராக எஞ்சுகிறார். அந்த நேர்மைக்கான விலையைக் கொடுத்தவர் மீனவரே.