இருபது நிமிடப் பேட்டி

நிர்வாக இயக்குநரின் மேடை உரையை எழுத அவரிடம் கிடைப்பது இருபது நிமிடம். பாதியைக் கைப்பேசி தின்றுவிடும். தேர்ந்த உரை எழுத்தாளர் அதில் விற்பனைக் கணக்கைக் கேட்பதில்லை. அது ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது. "ஊழியர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் சார்?" என்றால் விளம்பரப் பலகை வாசகம்தான் வரும். "சம்பளம் போட முடியாமல் தவித்த மாதம் எது?" என்றால் மனிதர் நாற்காலியில் சாய்கிறார். மனைவியின் வளையல், அடகுக் கடை, கூடவே வந்த ஸ்டோர் கீப்பர். அங்கே குறுக்கிடாமல் இருப்பதுதான் எனக்குப் பிடித்த வித்தை. பிறகு ஒரே கேள்வி: "அவர் என்ன சொன்னார்?"

"பசங்களுக்கு மொதல்ல குடுங்க மொதலாளி, எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்." ஒலிப்பதிவிலிருந்து இதை அப்படியே எடுக்க வேண்டும், திருத்தினால் செத்துவிடும். ஆண்டையும் தொகையையும் பழைய கணக்காளரிடம் சரிபார்க்க வேண்டும். முதலாளிகளின் நினைவில் கடன் வருடாவருடம் வளரும். வளையலை மேடையில் சொல்லலாமா என்று வீட்டம்மாவிடம் கேட்கச் சொல்வதும் நல்லது.