விட்டுப்போகும் கோடு: முனையா, டிரைவரா, பேட்டரியா?

வரையும் டேப்லெட்டில் கோடு விட்டு விட்டு விழுந்தாலோ, எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில் வந்தாலோ மூன்று வைத்தியங்கள் சொல்லப்படுகின்றன: முனையை மாற்று, டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவு, பேட்டரியைப் பார். மூன்றும் சில நேரங்களில் பலிக்கின்றன, அதில் சந்தேகமில்லை. எந்த அறிகுறிக்கு எது என்று கேட்காமல் மூன்றையும் வரிசையாகச் செய்து பார்ப்பதுதான் கோளாறு. டிரைவரை மறுபடி நிறுவும்போது அழுத்த அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடுகின்றன, பின்னணியில் ஓடும் சேவையும் புதிதாகத் தொடங்குகிறது. கோடு சரியானால் எது சரிசெய்தது என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே பேனா கணினிக்கு என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அது சொல்வது முக்கியமாக இரண்டு செய்திகள்: நான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு அழுத்தப்படுகிறேன். வாகாம் போன்ற நிறுவனங்களின் பேட்டரியில்லாப் பேனாக்களுக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள் இருக்கிறது. பலகைக்கு அடியிலுள்ள சுற்று அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே அது ஆற்றலைப் பெற்றுப் பதில் அலையை அனுப்புகிறது. அந்தப் பதில் எங்கே வலுவாக வருகிறது என்பதை வைத்துப் பலகை இடத்தைக் கணிக்கிறது. முனை உள்ளே அமுங்கும்போது பதில் அலையில் ஏற்படும் மாற்றத்தை வைத்து அழுத்தத்தைக் கணிக்கிறது. பேனா பலகையைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நகரும்போதும் இடச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. முனைக்கு அப்போது வேலையே இல்லை.

இந்த ஒரு உண்மையே முதல் சோதனையைத் தந்துவிடுகிறது. பேனாவைப் பலகையில் படாமல் மெதுவாக வட்டமிடுங்கள். திரையிலுள்ள சுட்டி அப்போதே தத்தித் தாவினால் முனைமேல் பழி இல்லை. அதை மாற்றுவது வீண்செலவு. யுஎஸ்பி கேபிள், இடையிலுள்ள ஹப், வயர்லெஸ் இணைப்பு, டிரைவர், பேட்டரிப் பேனா என்றால் பேட்டரி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். பலகையின் ஒரே இடத்தில் மட்டும் எப்போதும் தாவினால் பலகையின் சுற்றையோ அருகிலுள்ள உலோகம், காந்தம் போன்றவற்றையோ சந்தேகிக்கலாம். மிதக்கும்போது சுட்டி வழுக்கிக்கொண்டு ஓடி, தொட்டு வரையும்போது மட்டும் கோடு அறுந்தால், அறுந்தது இடச் செய்தியல்ல. அழுத்தச் செய்தி பூஜ்யமாகிறது.

தேய்ந்த முனைமேல் சொல்லப்படும் பழியில் பாதிதான் உண்மை. முனை வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிவிட்டாலோ, ஒரு பக்கம் உளிபோலச் சாய்ந்து தேய்ந்துவிட்டாலோ மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அதற்கு முதற்காரணம் பலகை: கூரான விளிம்பு மேற்பரப்பைக் கீறிவிடும், கீறல் புதிய முனையையும் வேகமாகத் தின்னும். அழுத்தத்தைப் பொறுத்தவரை, முனை என்பது விசையை உள்ளே கொண்டுசேர்க்கும் குச்சி மட்டுமே. குச்சி தேய்ந்தாலும் விசை போய்ச் சேர்கிறது. அழுத்தம் கெடுவது பெரும்பாலும் முனை முழுதாக உள்ளே போய் உட்காராதபோதும், தூசியாலோ கொஞ்சம் தடிமனான மலிவு முனையாலோ துளையில் சிக்கிக்கொள்ளும்போதும்தான். சிக்கிய முனைக்கு ஓர் அடையாளம் உண்டு: பேனாவைத் தூக்கிய பிறகும் அழுத்தம் பூஜ்யத்துக்குத் திரும்பாது, தொடாமலே கோடு விழும்.

பேட்டரியைப் பற்றிய அறிவுரை பொதுவாகச் சொல்லப்படும்போது பாதிப் பேருக்குப் பொருந்துவதில்லை. மேலே சொன்ன வகைப் பேனாவில் பார்க்க பேட்டரியே கிடையாது. சில மடிக்கணினிப் பேனாக்களில் ஏஏஏஏ என்ற மெலிந்த பேட்டரி இருக்கிறது. வேறு சில மின்னேற்றம் செய்யப்படுபவை. அவற்றில் மின்சாரம் குறைந்தால் இடமும் அழுத்தமும் சேர்ந்தே தடுமாறும். இடம் சரியாகவும் அழுத்தம் மட்டும் பிழையாகவும் இருந்தால் பேட்டரியைக் கடைசியில் பார்க்கலாம்.

டிரைவரை மிகச் சரியாகக் குற்றம்சாட்டக்கூடிய அறிகுறி ஒன்று இருக்கிறது: சுட்டி நன்றாக ஓடுகிறது, கோடும் அறுபடவில்லை, ஆனால் தடிமன் மாறவே மாட்டேன் என்கிறது. விண்டோஸில் அழுத்தம் மென்பொருளைச் சேர இரண்டு வழிகள் உள்ளன: பழைய WinTab, புதிய Windows Ink. டிரைவர் ஒரு வழியில் அனுப்ப, மென்பொருள் மறு வழியில் காத்திருந்தால் இடம் மட்டும் வந்துசேரும், அழுத்தம் வராது. டிரைவர் அமைப்பிலுள்ள Use Windows Ink என்ற கட்டத்தையும் மென்பொருளின் டேப்லெட் அமைப்பையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்தால் போதும். ஃபோட்டோஷாப் வழக்கமாக Windows Ink வழியையே எதிர்பார்க்கிறது. அதை WinTab வழிக்கு மாற்ற, அதன் அமைப்புக் கோப்புறையில் PSUserConfig.txt என்ற கோப்பில் இந்த வரிகள் வேண்டும்:

```
# Use WinTab
UseSystemStylus 0
```

இதற்கு மறுநிறுவல் தேவையில்லை. ஒரு மென்பொருளில் மட்டும் அழுத்தம் வராமல் மற்றதில் வந்தால் வழிக் குழப்பமோ, அந்தத் தூரிகையில் அழுத்தம் அணைக்கப்பட்டிருப்பதோதான் காரணம். பேனா நிரபராதி.

ஒரு வழக்கைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். பேட்டரியில்லாப் பேனா, விண்டோஸ், கிரிட்டா. தலைமுடிக்கு மெல்லிய கோடுகள் இழுக்கும்போது நடுநடுவே அறுகின்றன; அழுத்தி இழுத்தால் நன்றாக வருகின்றன. மிதக்கவிட்டால் சுட்டி சீராக ஓடுகிறது. ஆகவே கேபிளும் ஹப்பும் விடுதலை. கிரிட்டாவின் Tablet Tester-இலும் அதே இடைவெளிகள் தெரிவதால் தூரிகையும் விடுதலை. டிரைவரின் Diagnose பக்கத்தைத் திறந்து மெல்லத் தொட்டால் அழுத்தம் பூஜ்யத்திலேயே நிற்கிறது. விரலுக்கே உறைக்கும் அளவு அழுத்திய பிறகு திடீரென்று பத்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. அழுத்த அமைப்பை மென்மையான பக்கம் நகர்த்தி, சொடுக்கு எல்லையைக் குறைத்தும் மாற்றமில்லை. இங்கேதான் முனையை மாற்ற வேண்டிய முறை வருகிறது. புது முனையிலும் அதே நிலை. அதே மாதிரிப் பேனா ஒன்றைக் கடன் வாங்கித் தொட்டதும் லேசான தொடுதலுக்கே எண் ஏறுகிறது. பழைய பேனாவின் அழுத்த உணரி ஓய்ந்துவிட்டது என்பது உறுதி.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, மென்பொருளின் அழுத்த வளைவு ஏன் உதவவில்லை என்பது. வளைவு, வந்த எண்ணை வேறு எண்ணாக மாற்றுகிறது. உணரி பூஜ்யம் என்று சொல்லும் இடத்தில் மாற்ற எண்ணே இல்லை. பெட்டியில் அச்சிட்ட 8192 நிலைகளும் இந்த இடத்தில் துணைக்கு வராது. அவை அளவின் நுணுக்கத்தைச் சொல்கின்றனவே தவிர, எத்தனை லேசான தொடுதலில் அளவு தொடங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. இரவல் பேனா கிடைக்காதவர்கள், பேனாவை நட்டுக்குத்தாக நிறுத்தி விழாத அளவுக்கு மட்டும் விரலால் தாங்கி, அதன் எடையை முனைமேல் விடலாம். அந்த எடைக்கும் எண் அசையவில்லை என்றால் உணரிமேல் சந்தேகம் வலுக்கிறது. இது தோராயச் சோதனைதான், ஆனாலும் பணம் செலவழிக்கும் முன் செய்யத்தக்கது.

என் தீர்ப்பு இது. முதலில் மிதக்கவிட்டுப் பாருங்கள், அடுத்து டிரைவரின் அழுத்த எண்ணைப் பாருங்கள்; இரண்டும் செலவில்லாதவை, எந்த அமைப்பையும் கலைக்காதவை. எண் சரியாக ஏறி இறங்கினால் டிரைவரும் மென்பொருளும் ஒரே வழியில் பேசுகின்றனவா என்று பாருங்கள். எண்ணே பிழையென்றால் மட்டும் முனையை மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் பேனாவை. மறுநிறுவல் என்பது Wacom Professional Service போன்ற டிரைவர் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியும், முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட்டுக்காகப் போட்ட பழைய டிரைவர் எஞ்சியிருக்கிறதா என்று தேடியும் பார்த்த பிறகே செய்ய வேண்டியது. முதல் வைத்தியமாகச் சொல்லப்படும் அதற்கு உரிய இடம் கடைசி இடம்.