வெக்கையும் அசுரனும்: ஒரு கொலை, இரண்டு கதைசொல்லல்

கடையத்தில் நாங்கள் சிலர் கூடிப் பேசும்போது, ‘அசுரன்’ பார்த்த பிறகு ‘வெக்கை’யைத் தேடிப் படித்த இளைஞர் ஒருவர் ஏமாற்றத்தோடு கேட்டார்: “என்னண்ணே, இதுல ஒண்ணுமே நடக்கலியே?” இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூமணி 1982இல் எழுதிய நாவலுக்கும் வெற்றிமாறன் 2019இல் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதற்குள் இருக்கிறது.

நாவலில் நடக்கவேண்டியது முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம் வடக்கூரானின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போய், ஆளையே கொன்றுவிடுகிறான். மீதிப் புத்தகம் அதற்குப் பிறகான சில நாட்கள்தான். தகப்பனும் மகனும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் என்பதே பேச்சு. வடக்கூரான் தரப்பு சிதம்பரத்தின் அண்ணனைக் கொன்றதும் நிலத் தகராறும் அந்தப் பேச்சின் ஊடே துண்டுதுண்டாக வருகின்றன. ஏன் கொன்றான் என்று பூமணி யாரிடமும் வாதாடுவதில்லை. அந்தக் குடும்பத்துக்குக் காரணம் தெரியும். அவர்களோடு கூட நடந்தால் நமக்கும் தெரிந்துவிடும்.

படம் இந்தக் கட்டமைப்பைத் தொடக்கத்தில் மதிக்கிறது. இரவில் தண்ணீரைக் கடந்து போகும் சிவசாமியும் சிதம்பரமும் நாவலிலிருந்து நேராக இறங்கி வந்தவர்கள். ஆனால் கதையின் மையம் மகனிடமிருந்து தகப்பனுக்கு நகர்ந்துவிடுகிறது. தனுஷ் என்ற நட்சத்திரம் இருப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. திரைக்கதைக்கு ஓர் ஏற்றம் தேவைப்படுகிறது. அதற்காகத் தகப்பன் மகன் பார்வையில் முதலில் தாழ வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டுக் கிடக்கும், மூத்த மகனை மீட்க எதிர்த்தரப்பு ஊரில் வீடுவீடாகக் காலில் விழும் சிவசாமியைச் சிதம்பரம் வெறுக்கிறான். இடைவேளையில் அவர் ஆயுதம் எடுக்கும்போதுதான் அவனுக்கு ஆள் யாரென்று தெரிகிறது. அரங்கு அதிர்ந்ததில் வியப்பில்லை.

இந்த வெறுப்பு நாவலில் கிடையாது. அங்கே தகப்பன் மகனைத் திட்டுவதுமில்லை, அவனிடம் தன்னை நிரூபிப்பதுமில்லை. ஆத்தா, மாமா, சித்தி என்று உறவு முழுவதும் பையனுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு கொலையைச் செய்துவிட்டு வந்த பிள்ளையை எந்தக் கேள்வியுமின்றி அணைத்துக்கொள்ளும் குடும்பம் தமிழ் நாவலில் அரிது. படம் இழந்த பெரிய செல்வம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்கு ஈடாகப் படம் தருவது சிவசாமியின் இளமைக்காலக் கதை. பஞ்சமி நிலம் என்ற பெயரை வெகுஜன சினிமா இவ்வளவு உரக்கச் சொன்னதில்லை. 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அது. பெரும்பகுதி கைமாறிப் போனது. நாவல் சாதிப் பெயரைச் சொல்லாமலே நகர்கிறது. படம் ஒரு குடும்பப் பகையை நில வரலாற்றோடு கட்டிவிடுகிறது. நல்ல காட்சி மொழியும் கைகொடுக்கிறது. செருப்புப் போட்டு நடந்ததற்காக, இளமையில் சிவசாமி மணக்கவிருந்த மாரியம்மாள் அவமானப்படுத்தப்படுகிறாள். பின்னாளில் சிவசாமியின் மூத்த மகன் முருகன் வடக்கூரானை அடிப்பதும் செருப்பால்தான். இரண்டு தலைமுறையை ஒரே பொருளால் தைக்கும் இந்த வேலையை இவ்வளவு சுருக்கமாகச் செய்ய உரைநடைக்கு வராது.

ஆனால் அந்தப் பகுதிதான் படத்தில் மெலிந்ததும்கூட. காதல், அவமானம், குடிசைகள் எரிவது, பழிவாங்கல் என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு வழிவிடவே வருகிறது. எரியும் குடிசைகள் 1968இன் கீழ்வெண்மணியை நினைவூட்டுகின்றன. ஆனால் அந்த நினைவின் கனம் முழுவதும் வரலாற்றிலிருந்து கடன் வாங்கியது. படம் தானே அதை உண்டாக்கவில்லை. இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று: முன்கதை வந்ததும் வன்முறைக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறது. இவ்வளவு பட்டார்கள், அதனால் வெட்டினார்கள் என்று பார்வையாளரைச் சம்மதிக்க வைக்கவேண்டியிருக்கிறது. பூமணி அந்தச் சம்மதத்தை வேண்டி நிற்கவில்லை.

2021இல் தெலுங்கில் ‘நாரப்பா’ என்று அதே திரைக்கதை பெயர்ந்து போனதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். எலும்புக்கூடு எந்த மண்ணிலும் நிற்கும் என்பதற்கு அது சாட்சி. ‘வெக்கை’யை அப்படித் தூக்கிக்கொண்டு போய் வேறு மண்ணில் நட முடியாது. நஞ்சையும் ராமநதித் தண்ணீரும் உள்ள எங்கள் கடையத்துக்குக் கொண்டுவந்தாலே அது வேறு கதையாகிவிடும். அந்த இருவரின் பேச்சும் பசியும் ஒளியும் வித்தையும் கரிசல் வெயிலில் விளைந்தவை.

முடிவிலும் வேறுபாடு தெளிவாக இருக்கிறது. நாவலில் இருவரும் நீதிமன்றத்தில் சரணடையப் போகிறார்கள், அவ்வளவுதான். படத்தில் சிவசாமி, படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்று மகனுக்குச் சொல்கிறார். தேவையான சொல், அதைக் கேட்டுக் கலங்கியவர்களை நானறிவேன். எனினும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நிலத்துக்காகச் செத்தவர்களைக் காட்டிவிட்டு நிலத்தைக் கைகழுவும் ஆறுதலாக அது முடிகிறது. பறிபோன காணியைப் பற்றிய கேள்வி பதிலின்றி நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது: இடைவேளை வரை ‘அசுரன்’ ‘வெக்கை’க்கு இணையாக நடக்கும் படம், அதற்குப் பிறகு முக்கியமான விஷயத்தைத் துணிந்து பேசும், ஆனால் நாவலைவிட எளிய படம். அந்த இளைஞரிடம் மறுபடி படிக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை கொலையை விட்டுவிட்டு, தகப்பனும் மகனும் சாப்பிடும் இடங்களை மட்டும் கவனித்து.