எட்டு லட்ச நட்டத்துக்கு ஐந்து லட்சம்: சராசரி விதி, ஒரு மதிப்பீடு

கடைக்கான தீக்காப்பீட்டுப் பாலிசியில் கிளைம் தொகையைக் குறைக்கும் இடங்கள் பல உண்டு. அவற்றில் அதிகமாக வெட்டுவதும், வெட்டியபின் அதிகச் சண்டையைக் கிளப்புவதும் ஒரு சிறு பத்திதான். நம் நாட்டின் நிலையான தீ மற்றும் சிறப்பு ஆபத்துகள் பாலிசியில் அது 10ஆம் பொது நிபந்தனை. தீப்பிடித்த வேளையில் பொருளின் மொத்த மதிப்பு காப்பீட்டுத் தொகையை விஞ்சியிருந்தால், விஞ்சிய பகுதிக்குக் காப்பீடு எடுத்தவரே தமக்குத் தாமே காப்பீட்டாளர் ஆகிறார். நட்டத்தில் அந்த விகிதத்தை அவர் சுமக்க வேண்டும். சாரம் இவ்வளவே. சராசரி விதி என்று வழங்கும் இந்தப் பத்தி நியாயமானதா, நியாயமானது என்றால் அது கையாளப்படும் முறையும் நியாயமானதா என்ற இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் கடைக்காரர் விதியையே மோசடி என்கிறார். கம்பெனிக்காரர் வெட்டுகளையெல்லாம் விதி என்கிறார்.

கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். தேவாரம் கடைவீதியில் மளிகைக் கடை. பறிப்புக் காலத்தில் கடைக்காரர் மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயையும் வாங்கி விற்பார். ஏப்ரல் 1 அன்று சரக்கு இருப்பு 18 லட்சம். அந்த மாதம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது சரக்குக்கு 20 லட்சம் போட்டார். அன்றைக்கு அது தாராளமான தொகைதான். நவம்பரில் மின்கசிவால் கடையின் பின்பகுதி எரிந்தது. சர்வேயர் வந்து ஏப்ரல் முதல் அன்றுவரை கொள்முதல் 77 லட்சம், விற்பனை 70 லட்சம் எனக் கண்டார். பத்து சதவீத லாபத்தைக் கழித்தால் விற்றதன் அடக்க விலை 63 லட்சம். 18-உம் 77-உம் சேர்த்து 63-ஐக் கழிக்க, தீயன்று இருப்பு 32 லட்சம். எரிந்ததும் நனைந்ததும் புகை பிடித்ததுமாகப் பத்து லட்சச் சரக்கு கெட்டது. அதில் தேறியதை விற்றால் இரண்டு லட்சம் கிடைக்கும். நிகர நட்டம் எட்டு லட்சம். அதை 20-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்தால் ஐந்து லட்சம். பாலிசியில் உள்ள எக்ஸஸ் தொகையும் இதிலிருந்து போகும்.

“இருபது லட்சத்துக்குப் போட்டிருக்கிறேன், போனது எட்டு லட்சம், அதைக்கூடத் தரமாட்டார்களா?” என்று கேட்கிறார் கடைக்காரர். கேள்வி இயல்பானது, ஆனால் அதன் அடித்தளம் பிழை. பிரீமியம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற வீதத்தில் கணிக்கப்படுகிறது. அந்த வீதம் பொருளின் முழு மதிப்பும் காப்பீட்டுக்குள் வந்துவிட்டது என்ற அனுமானத்தில் நிற்கிறது. தீவிபத்துகளில் பெரும்பாலானவை கடையின் ஒரு பகுதியையே எரிக்கின்றன, அதனால் குறைத்துப் போட்டவரின் தொகைக்குள்ளேயே நட்டம் அடங்கிவிடும். பக்கத்துக் கடைக்காரர் 32 லட்சச் சரக்குக்கு 32 லட்சத்துக்கே பிரீமியம் கட்டியிருக்கிறார். இருவருக்கும் எட்டு லட்சமே தந்தால், குறைத்துக் கட்டியவரின் வித்தியாசத்தை நிறையக் கட்டியவர் சுமப்பதாகும். ஆக விதியின் நோக்கம் தண்டனை அன்று. கட்டிய பங்குக்குத் தக்க பங்கு. கடல் காப்பீட்டில் இதே கோட்பாட்டை 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 81ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. தீக்காப்பீட்டில் அதைப் பாலிசியில் எழுதி வைத்தாக வேண்டும். அதனால்தான் அந்த நிபந்தனைக்கு அங்கே இடம். கோட்பாட்டளவில் இதில் குறை காண்பது கடினம்.

ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். கடை முழுதும் எரிந்து 32 லட்சமும் போயிருந்தால், கடைக்காரருக்கு 20 லட்சம் முழுதாகக் கிடைக்கும். அங்கே விதிக்கு வேலையே இல்லை. பகுதி நட்டத்தில்தான் அது கடிக்கிறது. கொஞ்சம் இழந்தவருக்கே வெட்டு உறைக்கிறது என்பதால் விதி அநீதியாகத் தோன்றுகிறது. தோற்றம் அது, கணக்கு அதுவன்று.

குறை தொடங்குவது காலத்தில். தொகை நிர்ணயமாவது ஏப்ரலில். மதிப்பு அளக்கப்படுவது நவம்பரில். துணிக்கடைக்குத் தீபாவளி எப்படியோ, போடி வட்டாரத்துக்கு ஏலக்காய்ப் பறிப்பு அப்படி: சில மாதங்களுக்குச் சரக்கு குவியும். அதோடு விலையும் நிற்காது. 2018 கேரள வெள்ளத்துக்குப்பின் ஏறத் தொடங்கிய ஏலக்காய் விலை, 2019 ஆகஸ்டில் புத்தடி மின்னணு ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை தொட்டது. ஒரு மூட்டைகூடக் கூட்டாமல், விலையேற்றத்தால் மட்டுமே ஒருவர் குறைக்காப்பீடு எடுத்தவர் ஆகிவிட முடியும். விதி இதைக் கணக்கில் கொள்வதில்லை. காரணம் எதுவாயினும் விகிதம் ஒன்றே. ஆண்டின் நடுவில் கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட் மூலம் தொகையை ஏற்றிக்கொள்ள வழி உண்டு. பாலிசி விற்பவர் இதைச் சொல்வது அரிது. கேட்பவர் அதைவிட அரிது.

குறைக்காப்பீட்டின் இன்னொரு ஊற்று வங்கி. கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருக்கும் கடைக்குப் பெரும்பாலும் வங்கியே பாலிசி எடுத்துவிடுகிறது. தொகை சரக்கின் மதிப்பைப் பார்த்து வருவதில்லை, கடனைப் பார்த்து வருகிறது. கடன் காப்பாற்றப்பட்டது என்று வங்கி நினைக்கிறது. கடை காப்பாற்றப்பட்டது என்று கடைக்காரர் நினைக்கிறார். பகுதி நட்டம் வரும்போது இரண்டு நினைப்பும் ஒருசேரக் கலைகின்றன. இதிலும் ஒரு கூர்மை உண்டு. வரம்பு குறையாமலிருக்க மாதாமாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் இருப்பைச் சற்று ஊதிக் காட்டுவது பலரின் வழக்கம். அதே தாள்தான் பிறகு சர்வேயர் மேசையில் கிடக்கும். ஊதிய இருப்பு வகுக்கும் எண்ணைப் பெரிதாக்கும். கையில் வருவது சிறுக்கும்.

கையாளும் முறைக்கு வருவோம். என் பார்வையில் விதியைவிட மோசமாகத் தவறுவது இங்கேதான். வகுக்கும் எண் எது என்பதே முதல் கேள்வி. பாலிசி ஒரு முகவரிக்குரியது என்றால், அந்த முகவரியில் தீயன்று இருந்த சரக்கு மட்டுமே மதிப்பில் சேரும். நம் கடைக்காரரின் 32 லட்சத்தில் ஆறு லட்ச ஏலக்காய் ஏலத்துக்காகப் போடிக்குப் போய் விற்காமல் கிடந்தது என்று வைப்போம். கணக்குப் புத்தகத்தில் அது அவர் இருப்பு. கடையில் அது இல்லை. அதை நீக்கினால் மதிப்பு 26 லட்சம். எட்டு லட்சத்துக்குக் கிடைப்பது ஆறு லட்சத்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம். ஒரு வரியைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு லட்சத்துக்கு மேல் வேறுபாடு. புத்தக இருப்பை அப்படியே எடுத்து எழுதும் சர்வே அறிக்கை சோம்பலான அறிக்கை.

இரண்டாவது, ஒரே அளவுகோல். சரக்கின் நட்டம் அடக்க விலையில் போடப்பட்டால், மொத்த மதிப்பும் அடக்க விலையில்தான் போடப்பட வேண்டும். பழைய, விற்காத சரக்கு என்று நட்டத்தில் விலையைக் குறைத்துவிட்டு, மதிப்பில் மட்டும் அதை முழுவிலைக்கு நிறுத்துவது முறைகேடு. ஜிஎஸ்டியை ஒரு பக்கம் விலக்கினால் மறுபக்கமும் விலக்க வேண்டும். நான் இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாதது. கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகவே இருக்கும்.

மூன்றாவது, சால்வேஜ் கழிக்கும் வரிசை. முதலில் தேறிய சரக்கின் இரண்டு லட்சத்தைக் கழித்துப் பிறகு விகிதம் போட்டால் ஐந்து லட்சம். முதலில் பத்து லட்சத்துக்கு விகிதம் போட்டு, வந்த ஆறேகால் லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்தைக் கழித்தால் நாலேகால் லட்சம். முதல் வரிசையே வழக்கம், அதுவே நேர்மையும். எட்டில் மூன்று பங்குக்குக் கடைக்காரர் தமக்குத் தாமே காப்பீட்டாளர் என்று விதி சொல்கிறது. அப்படியென்றால் தேறிய சரக்கிலும் எட்டில் மூன்று பங்கு அவருடையது. நட்டத்தில் அவரைக் கூட்டாளியாக்கிவிட்டு, மிச்சத்தில் மட்டும் வெளியே நிறுத்த விதிக்கு அதிகாரம் இல்லை.

இவை தவிர, பாலிசியில் ஒவ்வொரு இனமும் தனித்தனியே இந்த நிபந்தனைக்கு உட்பட்டது. அலமாரிக்கும் மேசைக்கும் தேவைக்கு மேல் போட்ட தொகை சரக்கின் குறையை நிரப்பாது.

2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ ஒரு சீர்திருத்த முயற்சி. ஓர் இடத்தில் மொத்த மதிப்பு ஐந்து கோடி வரை உள்ள சிறு தொழிலுக்கும் கடைக்கும் உரியது. 15 சதவீதம் வரையிலான குறைக்காப்பீட்டை அது மன்னிக்கிறது. விலையேற்றத்தையும் சரக்கு ஏற்ற இறக்கத்தையும் ஓரளவு தாங்கும் இந்த இடைவெளி நல்ல சிந்தனை. பழைய நிபந்தனையின் காலக் குறைக்கு நேரடியான விடை. ஆனால் அதன் வடிவம் செப்பமாக இல்லை. 15-ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி, முழுக் குறைவுக்கும் விகிதம் போடுவதே சர்வேயர்கள் செய்யும் கணக்கு. 32 லட்சச் சரக்குக்கு 27 லட்சத்து 20 ஆயிரம் போட்டவர் எட்டு லட்சத்தையும் வாங்குவார். 27 லட்சம் போட்டவர் ஆறே முக்கால் லட்சம் வாங்குவார். காப்பீட்டுத் தொகையில் இருபதாயிரம் குறைந்ததற்குக் கிளைமில் ஒன்றேகால் லட்சம் போகிறது. சரக்கு மதிப்பு என்பது மதிப்பீடுதான். லாப விகிதத்தைப் பத்துக்குப் பதில் ஒன்பதரை என்று சர்வேயர் எடுத்தாலே அடக்க விலை ஏறி, இருப்பு முப்பத்தைந்தாயிரம் இறங்கிவிடும். அந்த முப்பத்தைந்தாயிரமே கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானிக்கப் போதும். இவ்வளவு மெல்லிய எண்ணின்மேல் இவ்வளவு செங்குத்தான கோடு போடுவது வரைவாளரின் குறை.

எனவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. சராசரி விதி கோட்பாட்டில் உறுதியானது, தன்னளவில் முரணற்றது, அதை எடுத்துவிட்டால் முழுதாகக் கட்டுபவரே ஏமாளி ஆவார். கையாளும் முறை அந்தத் தரத்துக்கு எட்டவில்லை. வகுக்கும் எண்ணை எப்படிக் கண்டார்கள் என்பது சர்வே அறிக்கையில் வரிவரியாக இருக்க வேண்டும். பல அறிக்கைகளில் அது ஒற்றை வரியாக முடிந்துவிடுகிறது. ஐந்து லட்சம் என்ற கடிதம் வந்ததும் கடைக்காரர் விதியோடு மல்லுக்கட்டுவது வீண். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, 32 என்ற எண்ணில் போடியில் கிடந்த சரக்கு இருக்கிறதா, இரு பக்கமும் ஒரே விலையா, சால்வேஜ் எந்த வரியில் கழிந்தது என்ற மூன்றையும் பார்த்துக் கேட்டால், பேச்சு ஐந்தில் நிற்காது.