தட்டில் நடுங்கும் வெண்மை

வட இத்தாலியின் பியட்மான்ட் பிரதேசத்து உணவகங்களில், பன்னா கோட்டா என்னும் பாலேட்டு இனிப்பைப் பரிசாரகர் தட்டில் ஏந்தி வருகையில், அவருடைய ஒவ்வோர் அடிக்கும் அது லேசாக நடுங்கி, அந்த நடுக்கம் அடங்குமுன் மறுபடியும் நடுங்குகிற சௌந்தரியத்துக்காகவே அதைச் சற்று நேரம் உண்ணாமல் வைத்திருக்கத் தோன்றும். அந்த அசைவு ஜெலட்டினின் பிரமாணத்தைப் பொறுத்தது. பாலேடும் பாலும் கலந்த அரை லிட்டருக்கு, 2 கிராம் எடையுள்ள தகடுகள் மூன்று போதும். நான்காவதைச் சேர்த்தால் கரண்டி பட்ட இடம் ரப்பரைப் போல் எதிர்க்கும், ஒன்றைக் குறைத்தாலோ தட்டில் இறங்கியதும் பக்கங்கள் பருத்துச் சரிந்துவிடும்.

குளிர்நீரில் ஊறித் துவண்ட தகடுகளைப் பிழிந்து, கொதிக்கவிடாமல் இறக்கிய சூடான பாலேட்டில் கரைத்து, கலவை ஆறிச் சற்றே கனத்த பின்னரே அச்சில் வார்க்கிற பொறுமைசாலிக்குத்தான் வனிலா விதைகள் அடியில் படியாமல் எங்கும் பரவி நிற்கும். ஓரிரவு குளிர்ந்த அச்சை வெந்நீரில் சில விநாடிகளே அமிழ்த்தி, விரல் நுனியால் ஓரத்தை மெல்ல இழுத்துக் காற்றுக்கு வழிவிட்டு, ஈரத் தட்டின்மேல் கவிழ்க்கும்போது, 'பொளக்' என்ற மெல்லிய சத்தத்துடன் அது முழுதாக வழுகி இறங்கும். கத்தியை விட்டுச் சுற்றுகிறவர்களின் அவசரம் எனக்கு உடன்பாடில்லை. அதனால் விழும் கீறலை எந்தப் பழரசமும் சரிவர மறைப்பதில்லை. வாயில் இட்டாலோ, உடலின் உஷ்ணத்துக்கே உருகும் ஜெலட்டின் பல்லுக்கு வேலை வைக்காமல், பாலேட்டின் ருசியை மட்டும் நாவில் விட்டு அகன்றுவிடுகிறது.