வெள்ளிமலை பஸ்ஸும் ட்ராலி ஷாட்டும்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னலோர சீட் கிடைத்தால் சினிமா பாடம் இலவசம். ரோட்டோர மரங்கள் விருட்டென்று பின்னால் ஓடும். தூரத்துக் கல்வராயன் மலை அசைந்தாற்போலவே இருக்காது. இந்த வேக வித்தியாசம்தான் 'நாம போய்க்கிட்டு இருக்கோம்' என்று மூளைக்குச் சொல்கிறது. ட்ராலி ஷாட்டில் கிடைப்பதும் இதேதான். ஜூம் பண்ணினால் மரமும் மலையும் ஒரே விகிதத்தில் பெரிசாகும். பைனாகுலரில் பார்த்த மாதிரி, நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். கிரேன் மேலே ஏறினால் ஆள் சின்னதாகி, அவன் துக்கத்தை நாம் எட்ட நின்று பார்ப்போம்.

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) ஞாபகமிருக்கிறதா? ஆரம்பத்திலேயே குண்டு வெடித்துச் சிதறிய ரயில். வேல்ராஜின் கேமரா, வெட்டே தெரியாமல் காயம்பட்டவர்கள் நடுவே பல நிமிஷம் அலைகிறது. ஒரு கட் விழுந்தால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். விழவே இல்லை. உதவவும் முடியாமல், ஓடவும் முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறோம்.

சண்டைக் காட்சிகளில் கேமராவைத் தோளில் வைத்து உலுக்குகிறார்களே, அது வேறு சமாசாரம். யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் காட்டிவிட்டு ஆட்டினால் பதற்றம் வரும். காட்டாமலே ஆட்டினால்? வெள்ளிமலை பஸ்ஸின் கடைசி சீட்தான். எலுமிச்சம்பழம் கொண்டு போங்கள்.