ஒரு பின்மடல், மூன்று வகை மாணவர்கள்

இயங்கலைக் கருத்தரங்கு முடிந்த மறுநாள் நம்மில் பலர் அனுப்பும் மடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"நேற்றைய 'வலிமிகும் இடங்கள்' கருத்தரங்கில் கலந்துகொண்ட அனைவருக்கும் நன்றி. பதிவு இணைக்கப்பட்டுள்ளது. பார்த்துப் பயன்பெறவும்."

இலக்கணப் பிழை இல்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. வராத மாணவர் வராமலே நன்றி வாங்குகிறார். வந்தவரோ தொண்ணூறு நிமிடம் கேட்டதையே மறுபடியும் கேட்க வேண்டுமாம்! 'பயன்பெறவும்' என்பதில் அடுத்து என்ன செய்யணும் என்பதே இல்லை.

முன்பதிவோடு நடத்தும் சூம் கருத்தரங்கில் வந்தவருக்கும் வராதவருக்கும் தனித்தனி மடல் அமைக்கலாம். ஆனால் அந்த இரண்டு பிரிவு மட்டும் போதாது. கேமரன் மலையில், ரிங்லெட், ஹாபு பக்கத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் ஒரு மாணவருக்கு நடுவிலேயே லைன் அறுந்துபோச்சு என்று வைத்துக்கொள்வோம். வருகை அறிக்கையில் `Attended` கட்டத்தில் அவருக்கும் `Yes` என்றே இருக்கும். அதே வரியில் உள்ள `Time in Session` கட்டத்தைப் பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும். விட்டுவிட்டு நுழைந்தவர் பெயர் பல வரிகளில் வரும். அந்த நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி மடலைத் திருத்துவோம்.

முழுதும் இருந்தவருக்கு: "நேற்று இறுதிவரை இருந்தீர்கள், நன்றி. 'தேயிலை பறித்தாள்', 'தேயிலையைப் பறித்தாள்' போல இன்னும் இரண்டு இணைகளை எழுதி, வெள்ளிக்குள் இம்மடலுக்கே பதிலாக அனுப்புங்கள்."

வராதவருக்கு: "நேற்று நடந்ததில் இந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் முதலில் பாருங்கள். பிறகு ஒரே கேள்வி: 'தேயிலை பறித்தாள்' என்பதில் ஏன் 'ப்' வரவில்லை?" அந்தப் பகுதி 38ஆம் நிமிடத்தில் தொடங்கினால், யூடியூப் குறு இணைப்பில் `?` இருந்தால் அதையும் அதன் பின்னுள்ளதையும் நீக்கிவிட்டு, இறுதியில் `?t=2280` சேருங்கள். கணக்கு விநாடியில். ஏன் வரவில்லை என்று இங்கே அவரைக் கேட்க வேண்டாம். கேட்டால் மடலை அதோடு மூடிவிடுவார்.

நடுவில் அறுந்தவருக்கு: "நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்" என்ற வரியும் அதே கேள்வியும். இதைக் கையால்தான் அனுப்ப வேண்டும். அவர் 8.26க்கு வெளியேறினார்; பதிவை நாம் 8.05க்குத் தொடங்கினோம். ஆகவே பதிவில் அது 21ஆம் நிமிடம். ஒரு நிமிடம் பின்னால் போய் `?t=1200` கொடுங்கள். பதிவு தொடங்கிய நேரத்தைக் கழிக்க மறந்தால், இணைப்பு அவர் கேட்காத பகுதியைத் தாண்டிவிடும்.

ஒரே கைப்பேசியில் அக்காளும் தம்பியும் பார்த்திருந்தால் அறிக்கையில் ஒரு பெயர்தான் வரும். எனவே மூன்று மடலிலும் "உடன் பார்த்தவர் பெயரையும் எழுதுங்கள்" என்று சேர்ப்பது நல்லது.

மடல் வேலை செய்ததா என்பதைப் பதில்களே சொல்லிவிடும். "முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'ஐ' மறைந்திருப்பதால் மிகவில்லை, பின்னதில் 'ஐ' வெளிப்பட்டதால் மிகுந்தது" என்று வந்தால் பாடம் சேர்ந்துவிட்டது. "நன்றி சார், பார்த்தேன்" என்று மட்டும் வந்தால், நம் கேள்வி மடலின் அடியில் புதைந்திருக்கிறது. அதை முதல் இரண்டு வரிக்குள் ஏற்றுங்கள்.